விடை ஆறு மடங்கா, பாதியா? வரிசை மாற்றம், சேர்வு கணக்குகளில் பிழையைப் பிடிப்பது எப்படி

திருப்புதல் தேர்வு தொடங்கிவிட்டால் பாளையங்கோட்டை, பேட்டை, மேலப்பாளையம் என்று எல்லாப் பக்கமிருந்தும் பிளஸ் ஒன் பிள்ளைகள் கணக்கு வினாத்தாளைப் போனில் படம் பிடித்து அனுப்புவார்கள். படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: "சார், எனக்கு 720 வருது, விடைக்குறிப்புல 120னு இருக்கு. இதுல P போடணுமா, C போடணுமா?"

P-யா C-யா என்ற கேள்விக்கு நான் நேரடியாகப் பதில் சொல்வதில்லை. உன் விடையை விடைக்குறிப்பில் உள்ள எண்ணால் வகுத்து, என்ன வருகிறது என்று முதலில் சொல்லு என்பேன். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைப்பது மாதிரிதான் இது. அந்த ஈவு பிழை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பெரும்பாலும் காட்டிவிடும். கீழே ஒவ்வொரு அறிகுறியாகப் பார்க்கலாம்.

வகுப்பதற்கு முன்: படம் சரியாக இருக்கிறதா?

போட்டோவில் வந்த வினாத்தாளில் பாதித் தொல்லை படத்திலேயே இருக்கும். 5! என்பது மங்கலான படத்தில் 51 போலத் தெரியும். 10P3-இல் கீழே சின்னதாக இருக்கும் 3 காணாமல் போகும். சில ஆசிரியர்கள் இன்றைக்கும் கையால் எழுதும்போது ஆச்சரியக்குறி போடாமல், எண்ணுக்கு இடப்பக்கம் ஒரு நேர்கோடும் அடியில் ஒரு படுக்கைக் கோடும் இழுத்து, கிட்டத்தட்ட ‘ட’ எழுத்துக்குள் எண்ணை உட்கார வைத்தது போல எழுதுவார்கள். அதுவும் காரணீயப் பெருக்கம்தான். பழைய புத்தகத்தின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாலும் இந்தக் குறி வரும். அதை வெறும் 5 என்று படித்தால் 120-க்குப் பதில் 5 வைத்துப் பெருக்குவீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கேள்வியின் கடைசி வரி. தாளின் மடிப்பிலோ கட்டைவிரலுக்கு அடியிலோ அது மறைந்திருக்கும். ‘குழுவில் ஒருவர் தலைவர்’, ‘ஒருவருக்கு ஒரு பரிசுக்கு மேல் இல்லை’ என்பன போன்ற நிபந்தனைகள் அங்கேதான் வரும். தாளில் தமிழும் ஆங்கிலமும் அடுத்தடுத்து இருந்தால், ஒன்று மங்கியிருக்கும் இடத்தில் மற்றதைப் படித்துக்கொள்ளலாம். இரண்டுமே தெரியவில்லையா, ஊகிக்காமல் மறுபடி படம் கேளுங்கள்.

அறிகுறி 1: ஈவு சரியாக 2, 6 அல்லது 24

எடுக்க வேண்டியது 2 பொருள் என்றால் 2, மூன்று என்றால் 6, நான்கு என்றால் 24 என்று ஈவு வந்தால், வரிசை தேவைப்படாத இடத்தில் வரிசையை எண்ணிவிட்டீர்கள். nPr என்பது nCr-ஐ r! ஆல் பெருக்கியது என்பதால்தான் இப்படி. ஈவு தலைகீழாக, அதாவது உங்கள் விடை ஆறில் ஒரு பங்காக வந்தால், வரிசை தேவைப்பட்ட இடத்தில் அதை விட்டுவிட்டீர்கள்.

இதைச் சரிசெய்ய, கேள்வியில் ‘தேர்ந்தெடு’ என்று இருக்கிறதா, ‘அமர்த்து’ என்று இருக்கிறதா என்று சொல்லைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அது பல இடங்களில் காலை வாரிவிடும். அதைவிட நம்பகமான ஒரு சோதனை உண்டு. முடிந்துபோன ஒரே ஒரு விடையைக் காகிதத்தில் எழுதுங்கள். அதில் இரண்டு பேரை இடம் மாற்றுங்கள். மாற்றிய பிறகு கேள்வி கேட்டவர் ‘இது வேறொன்று’ என்பாரா, ‘இதைத்தான் ஏற்கெனவே சொன்னாயே’ என்பாரா? வேறு என்றால் வரிசை உண்டு. அதேதான் என்றால் இல்லை.

திருச்செந்தூர் பாதையை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், ஆறுமுகநேரி, திருச்செந்தூர் என்று 8 நிலையங்களை மட்டும் கணக்கில் வைப்போம். எந்த நிலையத்திலிருந்தும் எந்த நிலையத்துக்கும் செல்ல எத்தனை வகைப் பயணச்சீட்டு அச்சிட வேண்டும்? ஒரு விடையை எழுதுங்கள்: நாசரேத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம். இடம் மாற்றுங்கள்: ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நாசரேத். இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக முடியாது. இரண்டும் வேறு, அதனால் 8P2, அதாவது 56.

அதே 8 நிலையங்களுக்கு இடையிலான தூரங்களை மட்டும் ஒரு பட்டியலில் எழுதினால் எத்தனை வரி வரும்? நாசரேத்துக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடையே உள்ள தூரம், திருப்பிச் சொன்னாலும் அதே தூரம்தான். இது 8C2, 28 வரி. இடமும் அதே, நிலையமும் அதே, ‘இரண்டு நிலையங்களை எடு’ என்ற வேலையும் அதே. எடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பது மட்டும்தான் மாறியது.

மேலே சொன்ன 720, 120 கதையும் இதுதான். 10 பேரில் 3 பேருக்கு முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு என்றால் 10 × 9 × 8 = 720. மூன்று பேருக்கும் ஆளுக்கொரு அல்வாப் பொட்டலம், எல்லாம் ஒரே கால் கிலோ, ஒரே கடை என்றால் 720-ஐ 6 ஆல் வகுத்து 120. யாருக்கு எந்தப் பொட்டலம் போனது என்று யாரும் கேட்கப் போவதில்லை. அதே மூன்று வெவ்வேறு பரிசையும் ஒருவரே எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தால் அது P-யும் இல்லை, C-யும் இல்லை; 10 × 10 × 10 = 1000.

அறிகுறி 2: C மட்டும்தான் போட்டேன், ஆனால் விடை அதிகமாக வருகிறது, வகுத்தால் முழு எண்ணும் வரவில்லை

இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், இதைத்தான் பிள்ளைகள் கடைசிவரை நம்ப மறுக்கிறார்கள். "சார், P-யே போடலையே, அப்புறம் எப்படி வரிசை வந்துச்சு?" என்பார்கள். வரிசை P என்ற எழுத்துக்குள் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்தாலே ‘முதலில் எடுத்தது’, ‘பிறகு எடுத்தது’ என்று ஒரு வரிசை தானாக உள்ளே வந்துவிடும்.

ஒரு கணக்கு. கணித மன்றத்தில் 6 மாணவர்கள், 5 மாணவிகள். குறைந்தது 2 மாணவிகள் இருக்கும்படி 4 பேர் கொண்ட குழுவை எத்தனை வழிகளில் அமைக்கலாம்?

பிள்ளைகள் போடுவது இப்படி: முதலில் 2 மாணவிகளை எடுத்துவிடுவோம், 5C2 = 10. மீதி 9 பேரில் யாராக இருந்தாலும் பரவாயில்லை, இன்னும் 2 பேர், 9C2 = 36. பெருக்கினால் 360. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. விடைக்குறிப்பில் 215. 360-ஐ 215 ஆல் வகுத்தால் 1.67-க்குப் பக்கத்தில் ஏதோ வரும். முழு எண் இல்லை.

முழு எண் வராததே ஒரு தகவல். எல்லாக் குழுவும் ஒரே அளவு மடங்கு எண்ணப்பட்டிருந்தால் ஈவு முழு எண்ணாக வந்திருக்கும். வரவில்லை என்றால் சில குழுக்கள் ஒரு முறையும், சில பல முறையும் எண்ணப்பட்டிருக்கின்றன.

ஒரு குழுவை எழுதிப் பார்ப்போம்: காந்திமதி, கோமதி, வள்ளி, முருகன். இது 360-க்குள் எத்தனை முறை வந்தது? முதல் கட்டத்தில் காந்திமதி, கோமதி. இரண்டாம் கட்டத்தில் வள்ளி, முருகன் என்று ஒரு முறை. முதலில் காந்திமதி, வள்ளி; பிறகு கோமதி, முருகன் என்று இரண்டாம் முறை. முதலில் கோமதி, வள்ளி; பிறகு காந்திமதி, முருகன் என்று மூன்றாம் முறை. கூட்டத்துக்கு வந்து உட்காரும்போது அந்த நான்கு பேரும் அதே நான்கு பேர்தான், ஆனால் நாம் மூன்று குழுவாக எண்ணியிருக்கிறோம். நான்கு பேருமே மாணவிகள் என்றால் 4C2, அதாவது 6 முறை எண்ணியிருப்போம். இரண்டு மாணவிகள் மட்டும் உள்ள குழுதான் சரியாக ஒரு முறை வந்திருக்கும்.

சரியான வழி, மாணவிகளின் எண்ணிக்கையை வைத்துப் பிரிப்பது. சரியாக 2 மாணவிகள்: 5C2 × 6C2 = 10 × 15 = 150. சரியாக 3 மாணவிகள்: 5C3 × 6C1 = 10 × 6 = 60. நால்வரும் மாணவிகள்: 5C4 = 5. கூட்டினால் 215. தவறான 360 எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது தெரியும்: 150 ஒரு முறை, 60 மூன்று முறை, 5 ஆறு முறை. 150 + 180 + 30 = 360. இப்படிக் கணக்கு ஒத்துப்போனால்தான் பிழையைக் கண்டுபிடித்ததாக அர்த்தம்.

நேரம் இருந்தால் எதிர்ப்பக்கமிருந்தும் சரிபார்க்கலாம். மொத்தக் குழுக்கள் 11C4 = 330. மாணவியே இல்லாதவை 6C4 = 15. ஒரே ஒரு மாணவி உள்ளவை 5 × 6C3 = 100. கழித்தால் 215. இரண்டு வழியும் ஒரே எண்ணில் வந்து நின்றால் அதை நம்பலாம். இந்தக் கணக்கில் இரண்டு வழிக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ‘குறைந்தது ஒருவர்’ என்று கேட்டால் மட்டும் யோசிக்காமல் கழித்தல் வழிக்குப் போங்கள்.

இனி அந்தக் கடைசி வரி. ‘அக்குழுவில் ஒருவர் தலைவர், வேறொருவர் செயலாளர்’ என்று இருந்தால் இடம் மாற்றும் சோதனையை மறுபடி போடுங்கள். கோமதி தலைவர், முருகன் செயலாளர் என்பதை மாற்றினால் வேறு அமைப்பு. ஆக ஒவ்வொரு குழுவுக்கும் 4 × 3 = 12 வழி, விடை 215 × 12 = 2580. உங்கள் விடை விடைக்குறிப்பில் பன்னிரண்டில் ஒரு பங்காக இருந்தால், அந்த வரி உங்கள் படத்தில் இல்லை என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு மாறுதலும் வரும்: செயலாளர் கிடையாது, தலைவர் மட்டும், அவர் மாணவியாக இருக்க வேண்டும். இங்கே 215-ஐ ஒரே எண்ணால் பெருக்க முடியாது, ஏனென்றால் குழுவுக்குக் குழு மாணவிகளின் எண்ணிக்கை மாறுகிறது. 150 × 2 + 60 × 3 + 5 × 4 = 500. வகை பிரித்து எழுதியவருக்கு இது அரை நிமிட வேலை.

அறிகுறி 3: P-யும் இல்லாமல் C-யும் இல்லாமல் சரியாகப் பாதி, அல்லது இரட்டிப்பு

8 பேரை 4 பேர் கொண்ட இரண்டு அணிகளாகப் பிரிக்க வேண்டும். 8C4 = 70 என்று முடித்துவிடுவார்கள். விடை 35. ‘அ, ஆ, இ, ஈ ஒரு பக்கம், மற்ற நால்வர் மறுபக்கம்’ என்பதையும், அந்த மற்ற நால்வரை முதலில் எடுத்ததையும் இரண்டாக எண்ணியதுதான் காரணம். இங்கேயும் ‘முதல் அணி’, ‘இரண்டாம் அணி’ என்ற வரிசை சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது.

ஆனால் ஓர் அணி அம்பாசமுத்திரத்துக்கும் இன்னொன்று தென்காசிக்கும் விளையாடப் போகிறது என்றால் 70தான் சரி. அணிகளைப் பேருந்து மாற்றி ஏற்றினால் வேறு ஏற்பாடு அல்லவா. அணிகள் 5 பேர், 3 பேர் என்று அளவில் வேறுபட்டாலும் பாதியாக்க வேண்டாம்; 8C5 = 56 அப்படியே நிற்கும், ஏனென்றால் அளவே அவற்றை வேறுபடுத்திக் காட்டிவிடுகிறது. அளவும் ஒன்று, பெயரும் இல்லை, போகும் இடமும் ஒன்று என்றால் மட்டுமே வகுக்க வேண்டும். அப்படி மூன்று சம அணிகள் என்றால் வகுக்க வேண்டியது 3! ஆல், 3 ஆல் அல்ல.

மாலைக் கணக்கிலும் பாதி வரும். 8 வெவ்வேறு பூக்களை மாலையாகக் கட்டினால் 7! இல் பாதி, 2520. மாலையைச் சுற்றினாலும் திருப்பிப் போட்டாலும் அதே மாலை. ஆட்கள் வட்ட மேசையில் உட்கார்ந்தால் அவர்களைத் திருப்பிப் போட முடியாது, அதனால் 7! = 5040. இந்த வகை இவ்வளவுதான்.

அறிகுறி 4: எழுத்துக் கணக்கில் விடை பின்னமாக வருகிறது

TIRUNELVELI என்ற சொல்லின் எல்லா எழுத்துகளையும் மாற்றி அடுக்கினால் எத்தனை? மொத்தம் 11 எழுத்து. I, E, L மூன்றும் இரண்டிரண்டு முறை. 11! ஐ 2! × 2! × 2! ஆல் வகுத்தால் 49,89,600. விடைக்குறிப்பைப் போல 8 மடங்கு வந்திருந்தால், இரட்டை எழுத்துகளை வகுக்க மறந்துவிட்டீர்கள். இதை எல்லோரும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

சிக்கல் அடுத்த கேள்வியில்: இதே சொல்லிலிருந்து 4 எழுத்துகளை எடுத்து எத்தனை விதமாக அடுக்கலாம்? 11P4 = 7920, அதை 8 ஆல் வகுத்து 990 என்று சிலர் எழுதுவார்கள். முழு எண்ணாக வந்துவிட்டதால் சரி என்றும் நினைத்துக்கொள்வார்கள். வெவ்வேறான எழுத்துகள் 8 இருக்கின்றன; அவற்றில் நாலை அடுக்கினாலே 8P4 = 1680 வந்துவிடும். விடை அதைவிடக் குறைவாக இருக்கவே முடியாது. 990 தவறு என்று இந்த ஒரு வரியிலேயே தெரிந்துபோகும். T, R, U, N ஆகியவற்றை அடுக்கும்போது அதில் இரட்டை எழுத்தே இல்லை, பிறகு அதை ஏன் 8 ஆல் வகுக்க வேண்டும்?

இங்கேயும் வகை பிரிப்பதுதான் வழி. நான்கும் வேறு வேறு: 1680. ஒரு ஜோடி, மற்ற இரண்டும் வேறு: ஜோடியை 3 விதமாக எடுக்கலாம், மீதி 7 எழுத்தில் இரண்டை 7C2 = 21 விதமாக, அடுக்க 4! ÷ 2! = 12 வழி; பெருக்கினால் 756. இரண்டு ஜோடி: 3C2 = 3, அடுக்க 6 வழி, மொத்தம் 18. கூட்டினால் 2454.

அடுக்காமல் வெறுமனே 4 எழுத்துகளை எடுக்க மட்டும் சொன்னால்? 2454-ஐ 24 ஆல் வகுத்துப் பார்ப்பார்கள்; 102.25 வரும். எழுத்தைக் கால் பங்கு எடுக்க முடியாது. nPr-ஐ r! ஆல் வகுத்தால் nCr என்பது எல்லாப் பொருளும் வெவ்வேறாக இருக்கும் வரைதான் செல்லும். ஒரே மாதிரி பொருள்கள் கலந்துவிட்டால் ஒவ்வொரு எடுப்புக்கும் அடுக்கும் வழிகள் மாறும்: ஒன்றுக்கு 24, ஒன்றுக்கு 12, ஒன்றுக்கு 6. வகைகளை எண்ணினால் 70 + 63 + 3 = 136. இதுதான் விடை.

அறிகுறி 5: எல்லாம் சரிபார்த்தாயிற்று, விடைக்குறிப்புதான் ஒத்துவரவில்லை

விடைக்குறிப்பும் தவறலாம். கை மாறிக் கை மாறி வரும் படங்களில் அது எந்தத் தாளுக்கு உரியது என்பதே சில நேரம் தெரியாது. அப்போது எண்களைச் சிறிதாக்கி விரல்விட்டு எண்ணுங்கள். 8 பேரை இரண்டு சம அணியாக்கும் கணக்கில் விடைக்குறிப்பு 70 என்று இருந்தால், 4 பேரை இரண்டிரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அஆ–இஈ, அஇ–ஆஈ, அஈ–ஆஇ. மூன்றுதான். 4C2 என்றால் 6 வரும். ஆக பாதியாக்குவதுதான் சரி, பெயரில்லாத அணிகளுக்கு 70 தவறு.

கேள்வியே இரண்டு விதமாகப் படிக்கும்படி இருந்தால், தேர்வில் முதல் வரியில் ‘அணிகளுக்குப் பெயர் இல்லை எனக் கொள்வோம்’ என்று எழுதிவிட்டுப் போடுங்கள். திருத்துபவர் கையில் உள்ள குறிப்பில் 70 இருந்தாலும், நீங்கள் எதை எண்ணினீர்கள் என்று அவருக்குத் தெரியும். 8C4 எழுதி 2! ஆல் வகுத்த படிகளைப் பார்த்து மார்க் போட இடம் இருக்கும். 35 என்று மட்டும் எழுதி வைத்தால் அவர் அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.